20-க்கு 28: புதுப் பக்கம் வென்றதா, பூவா தலையா விழுந்ததா?

சித்திரை வருசம் முடிந்து சில நாளில், ஒரு ஞாயிறு காலை, பரந்தனில் இருக்கும் என் மருமகன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினான். அவனும் இரண்டு நண்பர்களும் ஒடியல் மா, பனங்கட்டி, வறுத்த கச்சான் எல்லாம் பொதி செய்து கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிறார்கள். ஓடர் எல்லாம் அவர்களுடைய சின்ன இணையத்தளம் வழியாகத்தான். படத்துக்குக் கீழே ஒரு வரி: "மாமா, புதுப் பக்கம் நாற்பது வீதம் கூட விக்குது. பழசை எடுத்து விடட்டோ?"

படத்தில் இருந்தது இவ்வளவுதான். பழைய பக்கத்தைப் பார்த்தவர்கள் 400 பேர், வாங்கியவர்கள் 20 பேர். புதிய பக்கத்தைப் பார்த்தவர்கள் 400 பேர், வாங்கியவர்கள் 28 பேர். அதாவது 5 சதவீதமும் 7 சதவீதமும். பக்கத்திலே பச்சை நிறத்தில் `+40%` என்று ஒரு அம்புக்குறி. அதற்குக் கீழே `Probability to beat A: 88%`, அதாவது புதியது பழையதை வெல்லும் வாய்ப்பு 88 சதவீதம் என்று.

அவன் செய்திருந்த மாற்றம் நல்ல மாற்றம்தான். பழைய பக்கத்தில் அனுப்பும் செலவு கடைசியில், காசு கட்டும் இடத்தில்தான் தெரியும். புதியதில் விலைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தான். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழையதும் பாதிப் பேருக்குப் புதியதும் தற்செயலாகக் காட்டப்படும். யாருக்கு எது என்பதைக் கருவியே தீர்மானிக்கும். இதைத்தான் ஸ்பிளிட் டெஸ்ட் என்கிறார்கள். பார்த்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற விகிதத்துக்குப் பெயர் கன்வெர்ஷன்.

எட்டு ஓடர் கூட வந்திருக்கிறது. அது பக்கத்தால் வந்ததா, சும்மா அப்படி விழுந்ததா? இதற்கு விடை காணப் பெரிய கணிதம் வேண்டாம், ஒரு ஐந்து ரூபாய் குற்றி போதும்.

இப்படி யோசியுங்கள். இரண்டு பக்கமும் உண்மையில் ஒரே தரம், அனுப்பும் செலவை எங்கே போட்டாலும் வாங்குகிறவர் வாங்குவார், வாங்காதவர் வாங்கமாட்டார் என்று ஒரு கதைக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தமாக வந்த 48 ஓடரும் எப்படியும் வந்திருக்கும். ஒவ்வொரு ஓடரும் எந்தப் பக்கத்துக் கணக்கில் சேர்ந்தது என்பது மட்டும், அந்த ஆளுக்குக் கருவி எந்தப் பக்கத்தைக் காட்டியது என்பதைப் பொறுத்தது. அது பூவா தலையா. ஆகவே நம்முடைய கேள்வி இப்படி மாறிவிடுகிறது: ஒரு குற்றியை 48 தரம் சுண்டினால், 28 பூவும் 20 தலையும் விழுவது அதிசயமா?

சரியாக 24-க்கு 24 விழும் என்று பலர் நினைப்பார்கள். அப்படி விழுவது ஒன்பது தடவையில் ஒரு தடவைதான். மற்ற எட்டுத் தடவையும் ஏதாவது ஒரு பக்கம் கூடியே இருக்கும். எட்டோ அதற்கு மேலோ வித்தியாசம் வருவது பத்துத் தடவையில் ஏறக்குறைய மூன்று தடவை. நம்பாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சுண்டச் சொல்லுங்கள். பத்துப் பேர் 48 தரம் சுண்டினால், மூன்று பேர் அளவில் மருமகனுடைய படத்தைப் போன்ற ஒன்றையோ அதைவிடப் பெரியதையோ கொண்டு வருவார்கள். அதில் யாரும் எந்தப் பக்கத்தையும் மாற்றவில்லை, அனுப்பும் செலவை மேலே போடவுமில்லை.

குற்றியைச் சுண்டிக்கொண்டே இருக்க முடியாது, அதனால் ஒரு குறுக்குவழி. சும்மா தற்செயலால் வரும் வித்தியாசத்தின் வழக்கமான அளவு, மொத்த ஓடர்களின் வர்க்கமூலம். 48-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7. ஆகவே ஏழெட்டு ஓடர் முன்பின் வருவது அன்றாடச் சங்கதி. அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 14-ஐத் தாண்டினால்தான் "இது வெறும் தற்செயலாக இருப்பது கடினம்" என்று நிமிர்ந்து உட்காரலாம். மருமகனிடம் இருந்ததோ 8. கூகுள் ஷீட்டில் இப்படி எழுதலாம்:

```
=ABS(28-20)/SQRT(28+20)
```

விடை 1.15. இது 2-க்குக் கீழே இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், மேலே போனால் பேசலாம்.

அந்த 2 எங்கிருந்து வந்தது? இரு பக்கமும் ஒன்றாக இருக்கும்போது, தற்செயலாக 2-ஐத் தாண்டுவது இருபது தடவையில் ஒரு தடவை அளவுக்குத்தான் நடக்கும். இருபதில் ஒன்று என்ற எல்லையைப் பரவலாக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தில் ரொதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் வேலை செய்தவர். ஒரு பாத்திக்கு இந்த உரம், அடுத்த பாத்திக்கு அந்த உரம் என்று போட்டால், விளைச்சல் வித்தியாசம் உரத்தாலா மண்ணாலா என்று பிரிப்பதுதான் அவருடைய வேலை. எங்கள் பக்கத்தில் வயல் செய்கிற யாருக்கும் இது புதிதல்ல. இரணைமடுத் தண்ணீர் பாயும் ஒரே வாய்க்காலில், ஒரு வரம்பு தள்ளி ஏக்கருக்கு இரண்டு மூடை கூடினால், "அவன் போட்ட பசளையடா" என்று உடனே சொல்கிறவரும் உண்டு, "அந்தத் துண்டு எப்பவும் ஈரம்" என்று சிரிக்கிறவரும் உண்டு. இணையக் கடைக்காரர்களுக்கு அந்த இரண்டாவது ஆள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். இருபதில் ஒன்று என்பது வானத்திலிருந்து விழுந்த எண்ணுமல்ல. கணக்குப் போட வசதியான ஒரு கோடு.

இனிப் பார்த்தவர்களின் எண்ணிக்கைக்கு வருவோம், ஏனென்றால் ஸ்கிரீன்ஷொட்டில் கண் முதலில் போவது `+40%` மேல்தான். அது பார்க்க வேண்டிய எண்ணே இல்லை. அதே 5 சதவீதத்தையும் 7 சதவீதத்தையும் கூடிய ஆட்களோடு வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 1,200 பேர் என்றால் ஓடர் 60-உம் 84-உம். மொத்தம் 144, அதன் வர்க்கமூலம் 12, இரண்டு மடங்கு 24. வித்தியாசமும் 24. சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறது. ஒரு பக்கத்துக்கு 4,000 பேர் என்றால் ஓடர் 200-உம் 280-உம். மொத்தம் 480, வர்க்கமூலம் 22 அளவில், எல்லை 44. வித்தியாசம் 80. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மூன்று படத்திலும் பச்சை அம்புக்குறி ஒன்றுதான், `+40%`. முதலாவது ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது கோட்டில் நிற்கிறது, மூன்றாவது தெளிவு. ஆட்கள் பத்து மடங்கானால் வித்தியாசமும் பத்து மடங்காகிறது, தற்செயலின் ஆட்டமோ மூன்று மடங்குக்குச் சற்று மேலேதான் போகிறது. அதனால்தான், பார்த்தவர் எண்ணிக்கை இல்லாமல் சதவீதத்தை மட்டும் வெட்டி அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டை நான் வாசிப்பதே இல்லை. "முழுப் படத்தையும் அனுப்பு" என்று திருப்பிக் கேட்பேன்.

அந்த 88 சதவீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருமகன் அதைப் பார்த்து, "88 எண்டால் கிட்டத்தட்ட நிச்சயம்தானே மாமா" என்றான். பரீட்சைப் புள்ளியாக இருந்தால் அது மிகத் திறமான சித்திதான். இங்கே அப்படி இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பக்கமாக இருந்தாலும்கூட, நான்கு சோதனையில் ஒன்றில் ஏதாவது ஒரு பக்கத்துக்கு 88 அல்லது அதற்கு மேல் காட்டும். குற்றி பத்தில் மூன்று என்றதும் இதுவும் ஏறக்குறைய ஒரே சங்கதி. கருவி இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடுவதால் எண் சற்று வேறு. இருபதில் ஒன்று என்ற கோட்டுக்கு இந்த எண் 97.5-ஐத் தொட வேண்டும். கருவிகள் பலவும் 95-இலேயே பச்சை நிறம் காட்டிவிடும் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

இன்னொரு விதமாகச் சொன்னால் மருமகனுக்கு உறைத்தது. 400-க்கு 400 பேரை வைத்து, புதிய பக்கம் உண்மையில் எவ்வளவு கூட என்று கணக்கிட்டால், நமக்குக் கிடைப்பது ஒரு எண்ணல்ல, ஒரு வீச்சு. நூற்றுக்கு 5.3 ஓடர் கூட இருக்கலாம். நூற்றுக்கு 1.3 ஓடர் குறைவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையில் எதுவும் நடக்கலாம். "குறைவாகவுமோ?" என்று கேட்டான். ஆம், குறைவாகவும்தான்.

இவ்வளவும் ஓடர்களைப் பற்றியது. ஆனால் நான் ஒரு ஸ்கிரீன்ஷொட்டைத் திறந்தால் ஓடர்களை முதலில் பார்ப்பதில்லை. முதலில் பார்ப்பது இரண்டு பக்கத்தையும் பார்த்த ஆட்கள் சமமா என்பதை. பாதிக்குப் பாதி என்று கருவியிடம் சொன்னால், அதுவும் பூவா தலையாதான். அதற்கும் அதே வர்க்கமூலக் கணக்குச் செல்லும். மருமகனின் இந்தப் படத்தில் 400-க்கு 400, பிழையில்லை. ஆனால் இதற்கு முந்திய மாதம் அவன் அனுப்பிய வேறொரு படத்தில் பழைய பக்கத்துக்கு 520 பேர், புதிய பக்கத்துக்கு 400 பேர். கூட்டினால் 920, வர்க்கமூலம் 30, எல்லை 60. வித்தியாசமோ 120. குற்றி இப்படி விழாது. எங்கோ ஓட்டை.

ஓட்டையைத் தேடிப் பார்த்தோம். அந்தச் சோதனையில் எல்லோரும் முதலில் பழைய முகவரிக்கு வருவார்கள், புதிய பக்கத்துக்குத் தெரிவானவர்களை மட்டும் கருவி இன்னொரு முகவரிக்குத் திருப்பி விடும். திருப்பும் அந்த இரண்டு மூன்று செக்கனில் இணைப்பு மெதுவானவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கணக்கில் சேர்வதற்கு முன்னமே போய்விடுவதால் அவர்கள் எந்தப் பக்கத்திலும் எண்ணப்படுவதில்லை. மிஞ்சியவர்கள் நல்ல இணைப்பு உள்ளவர்களும், வாங்கத்தான் வேண்டும் என்று பொறுத்திருந்தவர்களும். அவர்கள் இயல்பாகவே கூடுதலாக வாங்குவார்கள். புதிய பக்கம் ஜொலிப்பதுபோல் தெரியும், ஆனால் அது பக்கத்தின் கெட்டித்தனமல்ல. சல்லடையில் சலித்த ஆட்கள். இப்படிப் பிரிப்பே பிழைத்த படத்தில் ஓடர்களைக் கணக்கிட்டு ஒரு பயனும் இல்லை. அந்தச் சோதனையை அப்படியே கைவிட்டு, திருப்பாமல் ஒரே முகவரியிலேயே இரண்டையும் காட்டும் விதத்தில் அமைத்துத் தொடங்கினோம்.

எங்கள் ஆட்களிடம் இன்னொரு விசேஷமான பிழையும் வரும். புதிய பக்கத்துக்குத் தனி முகவரி இருந்தால், ஸ்காபரோவில் ஒரு மாமி அந்த முகவரியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். "பிள்ளையள், எங்கட ஊர்ப் பனங்கட்டி" என்று ஒரு வரியும் கூடவே. ஆறு பேர் நேராகப் புதிய பக்கத்துக்கு வந்து ஆறு ஓடர் போடுவார்கள். அந்த ஆறும் ஆறு தனித்தனிக் குற்றிகள் அல்ல. ஒரே குற்றியை ஆறு தரம் எண்ணியது. எட்டு வித்தியாசத்தில் ஆறு அப்படி வந்தால் மிச்சம் இரண்டுதான். ஓடர் விபரத்தில் ஒரே நேரம், ஒரே ஊர், ஒரே பொருள் என்று அடுக்காக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. படத்தில் இது தெரியாது.

இப்போது 20-க்கு 28 படத்துக்குத் திரும்புவோம். "எத்தனை நாள் ஓடினது? ஏன் இன்றைக்கு எடுத்து அனுப்பினாய்?" என்று கேட்டேன். போன சனிக்கிழமை தொடங்கி நேற்றுச் சனிக்கிழமை வரை, எட்டு நாள். அவர்களுக்குக் கூடிய ஓடர் வெளிநாட்டுச் சனி ஞாயிறில்தான் வரும். எட்டு நாளில் இரண்டு சனிக்கிழமை விழுந்துவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் அது பொது என்பதால் பெரிய கேடில்லை. ஆனாலும் முழுக் கிழமைகளாக ஓடவிட்டால், வார இறுதி ஆட்களும் வார நாள் ஆட்களும் உள்ள அளவிலேயே கலந்து வருவார்கள்.

இரண்டாவது கேள்விக்கு அவன் உண்மையைச் சொன்னான். தினமும் காலையிலும் இரவிலும் திறந்து பார்த்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை பழையது முன்னால் நின்றது, அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை சமம், அனுப்பவில்லை. சனி இரவு பச்சை அம்பு வந்தது, ஞாயிறு காலை அனுப்பிவிட்டான்.

இதுதான் ஸ்கிரீன்ஷொட்டுகளின் நோய். தோற்கும்போது யாரும் படம் எடுப்பதில்லை. இருபதில் ஒன்று என்ற கோடு, முன்னமே குறித்த நாளில் ஒரே ஒரு தரம் பார்ப்பவருக்கு உரியது. வித்தியாசமே இல்லாத இரண்டு பக்கங்களை எடுத்து, சமமான இடைவெளியில் பத்துத் தரம் பார்த்து, எப்போதாவது கோட்டைத் தாண்டினால் உடனே நிறுத்திவிடலாம் என்று வைத்துக்கொண்டால், பொய்யான வெற்றி கிடைக்கும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 19 சதவீதத்துக்கு ஏறிவிடும். ஐந்து தடவை பார்த்தாலே 14. எண்கள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். உச்சத்தில் இருக்கும்போது பிடித்து நிறுத்தினால் உச்சம்தான் கையில் இருக்கும். பார்ப்பது குற்றமல்ல, கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். பார்த்ததை வைத்து நிறுத்துவதுதான் பிழை.

அப்படியானால் எவ்வளவு நாள்? அதைத் தொடங்குவதற்கு முன் கணக்கிடலாம். முதலில், எவ்வளவு சிறிய வித்தியாசம் வரைக்கும் பிடிபட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். மருமகனுக்கு 5-லிருந்து 7 சதவீதத்துக்குப் போனால் போதும், அதற்குக் கீழே இருந்தால் அக்கறையில்லை. இரண்டுக்கும் நடு 6 சதவீதம், அதாவது 0.06, வித்தியாசம் 0.02. ஒரு பக்கத்துக்கு வேண்டிய ஆட்கள்:

```
=16*0.06*(1-0.06)/0.02^2
```

விடை 2,256. ஒரு பக்கத்துக்கு 2,200 பேர் அளவில் என்று வைத்துக்கொள்ளலாம். 1,200 பேரிலேயே கோட்டைத் தொட்டதே, பிறகேன் இவ்வளவு என்று கேட்கலாம். 1,200 பேரில், உண்மையாகவே இரண்டு சதவீதம் கூடிய பக்கம்கூடப் பாதித் தடவைதான் கோட்டைத் தாண்டும், ஏனென்றால் தற்செயல் அதைக் கீழேயும் இழுக்கும். 2,200 பேர் இருந்தால் ஐந்தில் நான்கு தடவை பிடிபடும். சூத்திரத்தில் உள்ள அந்த 16 இதற்காகத்தான். பிடிக்க வேண்டிய வித்தியாசத்தைப் பாதியாக்கினால், ஆட்கள் நான்கு மடங்குக்குக் கிட்டப் போய்விடும். நாளுக்கு நூறு பேர் வரும் கடைக்கு அது கட்டாது. அப்படிப்பட்ட கடைகள் பொத்தானின் நிறத்தை மாற்றிச் சோதித்துக்கொண்டு இருப்பது வீண்வேலை என்பது என் எண்ணம். சோதிப்பதானால் பெரிய மாற்றமாகச் சோதிக்க வேண்டும்.

குறுக்குவழிக்கு எல்லைகளும் உண்டு. இரு பக்க ஆட்களும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வேண்டுமென்றே 70-க்கு 30 என்று பிரித்திருந்தால் குற்றி சமமானதல்ல, இந்தக் கணக்குச் சரிவராது. பார்த்தவர்களில் பாதிப் பேர் கன்வெர்ட் ஆகும் இடத்தில், உதாரணமாக மின்னஞ்சல் பதிவு போன்ற ஒன்றில், இந்த வழி தேவைக்கு மேல் கடுமையாகத் தீர்ப்புச் சொல்லும். அப்படியான இடங்களில் நான்கு எண்களையும், அதாவது இரு பக்கத்திலும் பார்த்தவர், வாங்கியவர் எண்ணிக்கைகளை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு சிக்னிஃபிகன்ஸ் கல்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

மருமகன் சோதனையைப் புதிதாகத் தொடங்கினான். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 4,400 பேர் வேண்டும், நாளுக்கு நூறு பேர், 44 நாள்; முழுக் கிழமையாக்கி ஏழு கிழமை. முடிவு நாளைச் சுவரில் தொங்கும் கலண்டரில் வட்டம் போட்டு வைத்தான். இடையில் இரண்டு தரம் படம் அனுப்பினான், நான் பதில் போடவில்லை.

வட்டம் போட்ட நாளில் வந்த படம் இது. பழையது 2,462 பேர், 135 ஓடர். புதியது 2,441 பேர், 154 ஓடர். முதலில் ஆட்கள்: வித்தியாசம் 21, எல்லை 140, பிரிப்பில் பிழையில்லை. பிறகு ஓடர்: மொத்தம் 289, வர்க்கமூலம் 17, எல்லை 34. வித்தியாசம் 19. கோட்டைத் தாண்டவில்லை. `+40%` இப்போது `+15%` ஆகியிருந்தது.

"அப்ப புதுசு சரியில்லையோ?" என்றான். இது அதையும் சொல்லவில்லை. நூற்றுக்கு அரை ஓடர் குறைவிலிருந்து இரண்டு ஓடர் கூட வரைக்கும் எதுவும் இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. பெரிய நட்டம் இல்லை என்பது தெரிந்துவிட்டது, பெரிய லாபம் என்று சொல்லவும் முடியாது. புதிய பக்கத்தை வைத்திருக்க ஒரு சதமும் செலவில்லை, அனுப்பும் செலவு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களும் குறைந்திருந்தார்கள். அதனால் புதியதையே வைத்துக்கொண்டான். நண்பர்களுக்குக் காட்டவென்று எடுத்து வைத்திருந்த பழைய பச்சை அம்புப் படத்தை மட்டும் போனிலிருந்து அழிக்கச் சொன்னேன். இன்னும் வைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன்.